'ஹீ'யா, 'ஷீ'யா? சீனர்களின் நாக்கில் இடறும் ஆங்கிலச் சொற்கள்

மாண்டரின் சீன மொழியில் பேசும்போது அவன், அவள், அது ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல்தான். 'தா' என்று உயர்ந்த குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் ஒலிக்கும் அந்தச் சொல் அப்பாவையும் குறிக்கும், அம்மாவையும் குறிக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையையும் குறிக்கும். வினைச்சொல்லும் பாலைக் காட்டாது. தமிழில் பெயரையே சொல்லாவிட்டாலும் 'வந்தான்', 'வந்தாள்' என்ற வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சீனத்தில் யார் வந்தாலும் அந்த வினை ஒரே வடிவத்தில்தான் நிற்கும். ஒருவரைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, அவர் ஆணா பெண்ணா என்று கேட்பவருக்குத் தெரியாமலே பேச்சை முடிக்க அந்த மொழியில் முடியும்.

இந்த மொழியில் வளர்ந்தவர்கள் ஆங்கிலம் பேசும்போது 'ஹீ', 'ஷீ' இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவது உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் அறிந்த விஷயம். மனைவியைப் பற்றிப் பேசும் கணவர் 'ஹீ' என்கிறார். தம்பியைப் பற்றிப் பேசும் அக்கா 'ஷீ' என்கிறார். பள்ளியில் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆங்கிலம் கற்று, ஆங்கிலத்திலேயே ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களும் பேச்சில் இப்படித் தடுமாறுவது உண்டு.

இது சீனர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. உலக மொழிகளின் கட்டமைப்பை ஒப்பிடும் 'உலக மொழி அமைப்பு வரைபடத் தொகுப்பில்' அன்னா சீவியர்ஸ்கா 378 மொழிகளின் மூவிடப் பெயர்களைப் பார்த்தார். அவற்றில் 254 மொழிகளின் மூவிடப் பெயர்களில் பால் வேறுபாடே இல்லை. துருக்கி, பாரசீகம், ஹங்கேரியம், பின்னிஷ், வங்காளம், மலாய், பிலிப்பைன்சின் தகாலோக் எல்லாம் 'அவன்', 'அவள்' இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லும் மொழிகள். மலேசியத் தமிழர்கள் நாள்தோறும் பேசும் மலாயில் அந்தச் சொல் 'டியா'. இந்தியிலும் 'வஹ்' என்ற சொல் இருபாலுக்கும் பொது. ஆனால் அங்கே வினை பெரும்பாலும் பாலைக் காட்டிவிடுகிறது. எனவே இந்திக்காரர் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் முடிவு செய்தாக வேண்டும். சீனருக்கும் துருக்கியருக்கும் வங்காளிக்கும் அந்தக் கட்டாயம் சுட்டுப்பெயரிலும் இல்லை, வினையிலும் இல்லை. சிக்கல் முழு வடிவில் தெரிவது அவர்களிடம்தான். இவர்களில் அதிகமாக ஆராயப்பட்டிருப்பவர்கள் சீனர்கள்.

விதி தெரியாததால் வரும் பிழை அன்று

'ஆணுக்கு ஹீ, பெண்ணுக்கு ஷீ' என்பது ஆங்கிலப் பாடத்தின் முதல் சில வாரங்களிலேயே வந்துவிடும் விதி. அதில் விதிவிலக்கும் குறைவு. ஆங்கிலத்தில் இதைவிடக் கடினமான பலவற்றைச் சரியாகக் கையாளும் ஒருவர் இந்த எளிய விதியில் மட்டும் தவறுகிறார் என்றால், காரணம் அறியாமையாக இருக்க முடியாது. நிறுத்திக் கேட்டால் அவரே உடனே திருத்திக்கொள்கிறார். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் எல்லாவற்றையும் சரியாக நிரப்புகிறார். பிழை அதிகம் வருவது பேச்சில்தான். நேரம் எடுத்து எழுதும்போது அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

உச்சரிப்பும் காரணம் இல்லை. மாண்டரினில் 'ஹ' போன்ற ஒலியும் இருக்கிறது, 'ஷ' போன்ற ஒலிகளும் இருக்கின்றன. சீனர்களின் காதும் நாக்கும் இரண்டையும் நன்றாகவே பிரித்தறியும். 'ஹீ' என்று சொல்ல வாய் வராமல் யாரும் 'ஷீ' என்று சொல்வதில்லை.

இந்தப் பிழை இரண்டு திசையிலும் போகிறது என்பது இன்னொரு தடயம். பெண்ணுக்கு 'ஹீ' வருவதும் உண்டு, ஆணுக்கு 'ஷீ' வருவதும் உண்டு. ஒரே ஆளைப் பற்றிய பேச்சில் முதல் வாக்கியம் சரியாக இருக்கும், இரண்டாவது தவறும், மூன்றாவது மீண்டும் சரியாகும். தவறான விதியைக் கற்றவர் எப்போதும் ஒரே மாதிரிதான் தவறுவார். இங்கே அந்த ஒழுங்கு இல்லை. தேவையான தகவல் சில நேரம் வந்து சேருகிறது, சில நேரம் வந்து சேரவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது.

ஸ்பானியம், இத்தாலியம், பிரெஞ்சு பேசுகிறவர்களின் பிழையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அம்மொழிகளில் அவன், அவள் வேறுபாடு உண்டு. அவர்கள் இடறுவது பெரும்பாலும் 'ஹிஸ்', 'ஹெர்' என்ற உடைமைச் சொற்களில். பிரெஞ்சில் 'அவனுடைய அம்மா' என்னும்போது உடைமைச் சொல், 'அம்மா' பெண்பால் என்பதால் பெண்பால் வடிவம் எடுக்கும். உடையவர் யார் என்பது அங்கே கணக்கில் வராது. அந்தப் பழக்கத்தில் ஓர் ஆணின் தாயை 'ஹெர் மதர்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது ஓர் இலக்கண விதி மொழி மாறி வந்து நின்றதால் வரும் பிழை. எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சீனரின் பிழை எங்கே வரும் என்று அப்படிச் சொல்ல முடியாது. ஒருவரின் பேச்சைப் பதிவு செய்து கேட்டாலே இந்த இரண்டு வகையையும் பிரித்துவிடலாம். பிழைகள் 'ஹிஸ்', 'ஹெர்' என்ற இடங்களில் மட்டும், அடுத்து வரும் பெயரை ஒட்டித் திரள்கின்றன என்றால் முதல் வகை. எழுவாய் இடத்திலும் மற்ற இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன என்றால் இரண்டாம் வகை.

வாய் திறக்கும் முன் நடப்பது

பேச்சு எப்படி உருவாகிறது என்பதற்கு இன்று பெரிதும் மேற்கோள் காட்டப்படும் விளக்கம், நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தை நடத்திய வில்லம் லெவெல்ட் 1989இல் எழுதிய நூலில் உள்ளது. அதன்படி பேச்சுக்கு மூன்று கட்டங்கள். முதலில் என்ன சொல்வது என்பது சொல் வடிவம் பெறாத கருத்தாக மனத்தில் திரள்கிறது. அடுத்து அந்தக் கருத்துக்குச் சொற்களும் இலக்கணமும் கிடைக்கின்றன. கடைசியில் வாய் அதை ஒலிக்கிறது. சாதாரணப் பேச்சில் வினாடிக்கு இரண்டு மூன்று சொற்கள் வெளியே வருகின்றன. ஒவ்வொரு சொல்லையும் நின்று யோசிக்க நேரமில்லை. முதல் கட்டம் கொடுத்ததை வைத்துத்தான் இரண்டாம் கட்டம் வேலை செய்தாக வேண்டும்.

ஒவ்வொரு மொழியும் முதல் கட்டத்தில் சில தகவல்களைக் கட்டாயமாகக் கேட்கிறது. அமெரிக்க உளமொழியியலாளர் டேன் ஸ்லோபின் இதைப் 'பேசுவதற்கான சிந்தனை' என்றார். ஒரு மொழியில் வளரும் குழந்தை, அந்த மொழி எதையெல்லாம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறதோ அதையெல்லாம் பேச நினைக்கும்போதே எடுத்துவைத்துக்கொள்ளப் பழகுகிறது. மொழி கேட்காததை எடுத்துவைக்கும் பழக்கம் அதற்கு ஏற்படுவதில்லை.

தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', அவரை விட்டுச் சொன்னால் 'நாங்கள்'. 'நாளைக்கு நாம சினிமாவுக்குப் போறோம்' என்பதற்கும் 'நாளைக்கு நாங்க சினிமாவுக்குப் போறோம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தை யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான். தமிழ் கற்கும் ஆங்கிலேயருக்கு இந்த விதியை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம், அவருக்கும் புரிந்துவிடும். ஆனால் வேகமாகப் பேசும்போது 'கேட்பவரும் இதில் சேர்த்தியா?' என்ற கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. எதிரில் இருப்பவரை அழைக்காமலே அழைத்துவிடுவார், அழைக்க நினைத்தவரை வெளியே நிறுத்திவிடுவார். 'ஹீ', 'ஷீ' விஷயத்தில் சீனரின் நிலையும் இதுதான்.

இதைச் சோதனையிலும் பார்த்திருக்கிறார்கள். தைவானைச் சேர்ந்த ஜென்-யூ சென், ஜூய்-ஜு சூ ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரைப் பற்றிய சிறு பகுதிகளைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்டார்கள். அந்த ஆளின் பாலைப் பற்றிய கேள்விகளில் ஆங்கிலேயர்களைவிடச் சீனர்கள் மெதுவாகவும் குறைந்த துல்லியத்துடனும் விடை சொன்னார்கள். சீனாவில் டோங் யான்பிங்கும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் கற்கும் சீனர்களை வாக்கியங்களைச் சொல் சொல்லாகப் படிக்க வைத்து, எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்று அளந்தது. கருத்து உருவாகும் முதல் கட்டத்திலேயே பால் பற்றிய தகவல் போதுமான அளவு எடுத்துக்கொள்ளப்படாததுதான் பிழைக்குக் காரணம் என்பது அவர்களின் முடிவு.

இதை வைத்துக்கொண்டு சீனர்களுக்கு ஆண், பெண் வேறுபாடு மனத்தில் படுவதில்லை என்று சொன்னால் அது தவறு. சீன உறவுமுறைச் சொற்களைப் பார்த்தாலே போதும். தமிழைப் போலவே சீனத்திலும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அப்பா வழிப் பாட்டிக்கும் அம்மா வழிப் பாட்டிக்கும் வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்தில் 'பிரதர்' என்பதோடு முடிந்துவிடும் இடத்தில் சீன மொழி வயதையும் கேட்டுத்தான் விடுகிறது. உறவைப் பெயர் சொல்லிக் குறிக்கும் இடத்தில் பாலைக் கேட்கும் மொழி, அந்த ஆளை மீண்டும் சுட்டும் இடத்தில் மட்டும் அதைக் கேட்பதில்லை. இடறல் நடப்பதும் சரியாக அந்த இடத்தில்தான்.

எழுத்தில் மட்டும் பிறந்த 'அவள்'

எழுதப்படும் சீனத்தில் இன்று அவனுக்கும் அவளுக்கும் வெவ்வேறு எழுத்துகள் இருக்கின்றன. இந்த வேறுபாட்டுக்கு வயது ஏறத்தாழ நூறுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, 'மனிதர்' என்ற உறுப்பைக் கொண்ட ஒரே எழுத்து எல்லாருக்கும் பயன்பட்டது. ஐரோப்பிய நூல்கள் சீனத்தில் மளமளவென்று மொழிபெயர்க்கப்பட்ட காலத்தில் அது போதவில்லை. ஒரே பக்கத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் வந்தால் யார் யாரிடம் பேசினார் என்று புரியாமல் போயிற்று. கவிஞரும் மொழியறிஞருமான லியூ பன்னோங், 'பெண்' என்ற உறுப்பைக் கொண்ட எழுத்தை 'அவள்' என்பதற்குப் பயன்படுத்தலாம் என்றார். லண்டனில் இருந்தபடி 1920இல் இதற்காக வாதாடி ஒரு கட்டுரையும் எழுதினார். தெற்கு வட்டார வழக்குகளில் இருந்த 'யீ' என்ற சொல்லை 'அவள்' என்று எழுதுவோரும் இருந்தனர்; லூ சுன் தம் தொடக்ககாலக் கதைகளில் அதைக் கையாண்டார். கடைசியில் நிலைத்தது லியூவின் எழுத்துதான்.

எழுத்து நிலைத்ததே தவிர, ஒலி நிலைக்கவில்லை. புதிய எழுத்தை 'துவோ' என்று சற்று வேறுபடுத்தி ஒலிக்கலாம் என்று லியூ சொல்லிப் பார்த்தார். யாரும் ஏற்கவில்லை. இரண்டையும் 'தா' என்றே படித்தார்கள், இன்றும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

ஆங்கிலச் சிக்கலைப் புரிந்துகொள்ள இந்த வரலாறு நேரடியாக உதவுகிறது. இன்றைய சீனக் குழந்தை ஆரம்பப் பள்ளியிலேயே அவன், அவள் என்ற இரண்டு எழுத்துகளையும் கற்கிறது, ஆயுள் முழுதும் எழுதுகிறது. அப்படியும் பேச்சில் இடறல் போகவில்லை. வேறுபாட்டை அறிந்திருப்பது வேறு, பேச நினைக்கும் கணத்தில் அதை எடுத்துவைத்துக்கொள்ளும் பழக்கம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. கணினியில் சீனத்தில் தட்டச்சு செய்கிறவர்கள் 'தா' என்ற ஒலியை உள்ளிட்டதும் எழுத்துகளின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் முதலில் நிற்பதை அவசரத்தில் தேர்ந்தெடுத்து, அவளுக்கு அவன் எழுத்தைப் போட்டுவிடுவதும் நடக்கிறது. தாய்மொழியிலேயே, அவசரத்தில், அதே இடத்தில் வரும் பிழை அது.

ஒரு கதை, ஐந்து வாக்கியங்கள்

பிழை எங்கே, ஏன் வருகிறது என்பதை ஒரு சிறு பேச்சில் தொடர்ந்து பார்க்கலாம். சீன மாணவர் ஒருவர் தம் அம்மாவைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் வகுப்பில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாக்கியம்: 'மை மதர் இஸ் எ நர்ஸ்.' சிக்கல் இல்லை. 'மதர்' என்ற சொல்லிலேயே பால் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது: 'ஷீ வொர்க்ஸ் அட் நைட்.' இதையும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். 'மதர்' என்ற சொல் ஒரு நொடிக்கு முன்புதான் வாயிலிருந்து வந்தது; அதன் சாயல் இன்னும் மனத்தில் இருக்கிறது.

மூன்றாவது: 'மை ஃபாதர் குக்ஸ் டின்னர், அண்ட் ஹீ வெயிட்ஸ் ஃபார் ஹெர்.' இங்கே இரண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். சீனத்தில் இதைச் சொன்னால் 'ஹீ' வரும் இடத்தில் பெரும்பாலும் சொல்லே வராது. 'அப்பா சமைப்பார், காத்திருப்பார்' என்று தமிழில் எழுவாயைத் திரும்பச் சொல்லாமல் போவது போலத்தான். ஆங்கிலம் அந்த வெற்றிடத்தை விடாது, ஒரு சொல்லைக் கேட்கும். தாய்மொழியில் சொல்லே தேவைப்படாத இடத்தில் அவர் முதலில் ஒரு சொல்லைப் போட வேண்டும், பிறகு அதற்குப் பாலையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் வரும் 'ஹெர்' தவறி 'ஹிம்' ஆவது எளிது. சற்று முன் சொன்ன 'ஹீ' இன்னும் நாக்கில் இருக்கிறது.

நான்காவது: 'ஹீ புட்ஸ் ஹெர் ஃபுட் இன் தி ஓவன்.' அப்பா, அம்மாவின் சாப்பாட்டை அடுப்பில் வைக்கிறார். ஒரே வாக்கியத்தில் இரண்டு பால், நடுவில் ஒரே ஒரு சொல். 'ஹெர்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹிஸ்' வந்தால் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், பொருள் மட்டும் மாறிவிடும். கேட்பவர் அப்பா தம் சாப்பாட்டை வைத்ததாகப் புரிந்துகொள்வார். பிழை நடந்ததே இருவருக்கும் தெரியாது.

ஐந்தாவது: 'வென் ஷீ கம்ஸ் ஹோம், ஷீ இஸ் வெரி டயர்ட்.' மதர் என்ற சொல் மூன்று வாக்கியம் பின்னால் போய்விட்டது. இடையில் அப்பா வந்துபோனார். மாணவரின் கவனம் இப்போது 'டயர்ட்' என்ற சொல்லைத் தேடுவதில் இருக்கிறது. 'ஹீ' வந்துவிட வாய்ப்பு மிகுந்த இடம் இதுதான்.

இந்தக் கதையிலிருந்து மூன்று ஆபத்தான இடங்களைப் பிரித்தெடுக்கலாம்: ஆளின் பெயரிலிருந்து சுட்டுப்பெயர் தொலைவில் இருக்கும் இடம், இரண்டு பாலினர் ஒன்றாக வரும் இடம், வேறொரு கடினமான சொல்லில் கவனம் சிக்கிக்கொண்ட இடம். களைப்பும் பதற்றமும் சேர்ந்தால் மூன்றும் மோசமாகும்.

பேசுகிறவர்கள் கண்டுபிடித்த வழிகள்

எளிய வழி, சுட்டுப்பெயரையே தவிர்ப்பது. 'மை மதர்' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வது, ஆளின் பெயரையே சொல்வது, 'தி மேனேஜர்' என்று பதவியைச் சொல்வது எல்லாம் இந்த வகை. பேச்சு கொஞ்சம் கனமாகும், ஆனால் பிழை இருக்காது. தொலைபேசி உரையாடலிலும் அலுவலகக் கூட்டத்திலும், யாரைப் பற்றிய பேச்சு என்பது முக்கியமான இடங்களில் இந்தத் தந்திரம் நன்றாகவே பயன்படுகிறது.

இன்னொரு வழி, 'தே' என்ற சொல்லை ஒருமையில் பயன்படுத்துவது. பால் தெரியாத ஒருவரைக் குறிக்க 'தே' வருவது ஆங்கிலத்தில் பல நூற்றாண்டு வழக்கம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நெறிக் கையேடு 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. முகம் தெரியாத வாடிக்கையாளரைத் 'தே' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சொந்த அம்மாவைத் 'தே' என்றால் கேட்பவர், அம்மாவோடு இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

மூன்றாவது, சொன்ன பிறகு திருத்திக்கொள்வது. லெவெல்ட்டின் விளக்கப்படி, பேசுகிறவர் தம் பேச்சைத் தாமே கேட்டுக் கண்காணித்துக்கொண்டிருக்கிறார். 'ஹீ, சாரி, ஷீ' என்று வருவது அந்தக் கண்காணிப்பின் வேலை. அனுபவமுள்ளவர்களிடம் இந்தத் திருத்தம் வேகமாக வந்துவிடுகிறது. ஆனால் கண்காணிப்பும் கவனத்தைத் தின்னும். ஒவ்வொரு சொல்லையும் காவல் காக்கிறவர் பேசும் வேகத்தை இழப்பார், சொல்ல வந்த விஷயத்தையும் சில நேரம் கோட்டைவிடுவார். பலரும் தேர்வு, நேர்காணல், மேடைப்பேச்சு போன்ற இடங்களில் மட்டும் இந்தக் காவலை இறுக்கிவிட்டு, நண்பர்களிடம் தளர்த்திவிடுகிறார்கள்.

வகுப்பறையில் எது பலிக்கும்

காரணம் அறியாமை அன்று என்பதால், விதியை மீண்டும் சொல்லித்தருவதில் பயனில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியும் அவ்வளவு உதவாது. அங்கே மாணவரின் முன்னால் கோடு இருக்கிறது, 'இங்கே பாலைக் கவனி' என்று அதுவே சொல்லிவிடுகிறது. பேச்சில் அப்படிக் கோடு போட்டுத்தர யாரும் இல்லை.

பேச நினைக்கும்போதே பாலை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயத்தைப் பயிற்சி உண்டாக்க வேண்டும். அதற்குப் படங்கள் ஏற்றவை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வெவ்வேறு வேலை செய்யும் நான்கைந்து படங்களை ஒரு மாணவரிடம் கொடுத்து, படத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் விவரிக்கச் சொல்லலாம். பெயர் சொல்லக் கூடாது, 'மேன்', 'வுமன்' என்றும் சொல்லக் கூடாது. கேட்பவர் கதையைப் புரிந்துகொண்டு படங்களை வரிசைப்படுத்த வேண்டும். இங்கே 'ஹீ' தவறினால் வரிசையே தவறிவிடும். சொல்லுக்கு வேலை இருப்பதால் மனம் அதைக் கவனிக்கத் தொடங்குகிறது. அதே கதையைக் குறைந்த நேரத்தில் மீண்டும் சொல்ல வைத்தால் பழக்கம் வேகத்துக்கும் பொருந்தும்.

தனியாகப் பயில்கிறவர் தம் பேச்சைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுதிப்பார்க்கலாம். தமக்குப் பிழை எந்த இடத்தில் வருகிறது, இரண்டு ஆட்கள் வரும்போதா, வாக்கியம் நீளும்போதா, அவசரத்திலா என்பது தெரியவரும். பேசும்போது காதில் விழாத பிழைகள் எழுத்தில் கண்ணில் படுவதைப் பார்த்துப் பலர் வியப்பார்கள்.

ஆசிரியர் திருத்தும் விதமும் முக்கியம். மாணவர் 'ஹீ' என்றதும் ஆசிரியர் அதே வாக்கியத்தை 'ஷீ' என்று சரியாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வது வகுப்புகளில் மிகுதியாக நடக்கிறது. கனடாவில் ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் 1997இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வில், ஆசிரியர்கள் அதிகம் கையாளும் முறையும் இதுதான், மாணவர்களைத் தாமே திருத்திக்கொள்ளத் தூண்டாத முறையும் இதுதான் என்று தெரிந்தது. ஆசிரியர் தாம் சொன்னதை ஆமோதிக்கிறார் என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்கிறார். சுட்டுப்பெயர் விஷயத்தில் இது இன்னும் பொருந்தும், ஏனெனில் மாற்றம் ஒரே ஒரு சிறு சொல்லில்தான். அதைவிட 'ஹூ? யுவர் மதர்?' என்று கேட்டு நிறுத்தினால் மாணவரே தேடித் திருத்துவார். தேடும் அந்த வேலைதான் பழக்கத்தை உருவாக்குகிறது.

மொழிபெயர்ப்பாளரின் நெருக்கடி

பேசுகிறவர் தாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையாவது அறிவார். உடனுக்குடன் வாய்மொழியாக மொழிபெயர்ப்பவருக்கு அதுவும் தெரியாது. மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ ஒருவர் சீனத்தில் 'மேலதிகாரி கூப்பிட்டார், தா கோபமாக இருந்தார்' என்ற பொருளில் பேசினால், ஆங்கிலத்தில் 'ஹீ' போடுவதா 'ஷீ' போடுவதா என்று முடிவு செய்ய மொழிபெயர்ப்பாளரிடம் எந்தத் தகவலும் இல்லை. தமிழில் 'டாக்டர் சொன்னாங்க' என்பதை ஆங்கிலமாக்கும்போதும் இதே நெருக்கடி வரும். ஊகித்து 'ஹீ' என்று போட்டால், சொன்னவர் சொல்லாத ஒன்று வாக்குமூலத்தில் ஏறிவிடும். தேர்ந்தவர்கள் 'தி பாஸ்' என்று பதவியையே திரும்பச் சொல்லி நேரம் வாங்குகிறார்கள், அல்லது நிறுத்தி ஆளைப் பற்றிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவர் பேசப் பேச உடன் மொழிபெயர்க்கும் மாநாட்டு அரங்கில் கேட்கவும் வழியில்லை.

கேட்கிறவரின் பங்கு

பயிற்சியால் இந்தப் பிழை பெரிதும் குறையும். ஆங்கிலச் சூழலிலேயே பல ஆண்டுகள் வாழ்கிறவர்களிடம் அரிதாகிவிடும். ஆனால் களைப்பிலும் அவசரத்திலும் எப்போதாவது எட்டிப்பார்க்கத்தான் செய்யும்.

அதனால் கேட்கிறவருக்கும் இதில் பங்கு உண்டு. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ ஷென்சென்னிலோ, சீனமோ மலாயோ பேசி வளர்ந்தவர்களுடன் வேலை செய்யும் தமிழர், எதிரில் இருப்பவர் 'ஹீ' என்றதும் அது ஆண்தான் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கதையில் திடீரென்று புதிய ஆள் ஒருவர் முளைத்ததுபோல் தோன்றினால், பெயரைச் சொல்லி 'அவரைத்தான் சொல்கிறீர்களா?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்தின் அளவு, பணப் பரிமாற்றம், வாக்குமூலம் போன்றவற்றில் சுட்டுப்பெயரை நம்பாமல் பெயரையே சொல்லவும் எழுதவும் வேண்டும். இந்தப் பிழையைப் படிப்புக் குறைவாகவோ மரியாதைக் குறைவாகவோ எடுத்துக்கொள்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.